தூர்த்த குளத்தின் மேல் வகுப்பறை
பள்ளிக் குழுவுக்கு ஒரு மண் பொறியாளரின் கடிதம்



பள்ளிக்குக் கிழக்கே உள்ள மனையில் இரண்டு தளத்தில் ஆறு வகுப்பறை கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வரைபடத்தில் குறித்துள்ள இடத்தில் கட்ட வேண்டாம். அதே கட்டடத்தைத் திசை மாற்றி மேற்கே நகர்த்தினால் சாதாரண அஸ்திவாரத்திலேயே, கூடுதல் செலவு பெரிதாக இல்லாமல் கட்டிவிடலாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். காவிரிப் படுகையில் வீட்டுக் குளங்களையும் குட்டைகளையும் தூர்த்து மனையாக்கிய ஊர்கள் பல. அங்கே கட்டப்போகிறவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் இக்கடிதத்தின் படியைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

வரைபடப்படி கட்டடம் கிழக்கு மேற்காக 24 மீட்டர் நீளம். அதில் மேற்கே 8 மீட்டர் பழைய கெட்டித் தரை. பள்ளி எழுந்த காலத்திலிருந்தே அது தரைதான். அங்கிருந்து 9 மீட்டர் வரை குளத்தின் சரிவுக் கரை. கடைசி 7 மீட்டர் குளத்தின் முழு ஆழம். இன்று மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே சமதளமாக, புல் முளைத்து, பிள்ளைகள் பந்து விளையாடும் இடமாகத் தெரிகிறது. கரை எங்கே இருந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் மூன்று இடத்தில் போர் போட்டுப் பார்த்தோம்.

துளைக்குள் ஒரு குழாயை இறக்கி, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போடுவதை நீங்களும் நின்று பார்த்தீர்கள். குழாய் மண்ணுக்குள் 45 செ.மீ. இறங்க வேண்டும். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, அடுத்த 30 செ.மீ.க்கு எத்தனை அடி விழுந்தது என்பதுதான் கணக்கு. மேற்குத் துளையில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 14 அடி, மூன்று மீட்டரில் 18 அடி. நல்ல விறைப்பான களிமண்.

கிழக்குத் துளையில் கதையே வேறு. முதல் இரண்டு மீட்டர், நீங்கள் ஆறு ஆண்டுகளுக்கு முன் டிப்பரில் கொண்டுவந்து கொட்டிய சவுடு மண்ணும் செங்கல் இடிபாடும். அதில் ஓரிடத்தில் 3 அடி, இன்னோரிடத்தில் 22 அடி. அந்த 22ஐப் பார்த்து மேஸ்திரி மகிழ்ந்தார். அது மண்ணின் பலமில்லை, குழாயின் முனை ஒரு செங்கல் கட்டியில் முட்டியதன் விளைவு. தூர்த்த மண்ணில் இப்படி எண்கள் ஏறி இறங்கினால், சரியாக நிரப்பவில்லை என்று பொருள். முறையாக நிரப்பியிருந்தால் 15 அல்லது 20 செ.மீ. கனத்துக்கு ஒரு படலமாகப் பரப்பி, அளவாக நீர் தெளித்து, ஒவ்வொரு படலத்தையும் ரோலர் ஓட்டி இறுக்கியிருப்பார்கள். இரண்டு மீட்டரையும் ஒரே மூச்சில் கொட்டி ஜேசிபி வைத்துச் சமப்படுத்தினால் மேல் ஓரடிதான் இறுகும்.

அதற்கும் கீழே மூன்று மீட்டர் கனத்துக்குக் கருஞ்சேறு இருக்கிறது. வெளியே எடுத்தபோது அழுகிய முட்டை வாடை அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இலையும் பாசியும் தாமரைக் கிழங்கும் காற்றுப் படாமல் மக்கிய வாடை அது. அந்தச் சேற்றில் குழாய் ஓரடியிலேயே இறங்கியது. ஐந்து மீட்டருக்குக் கீழேதான் மஞ்சள் கலந்த பழுப்புக் களிமண் வருகிறது. அங்கே 16 முதல் 20 அடி. மேற்கில் தரைக்குச் சற்றுக் கீழேயே கிடைக்கும் கெட்டி மண், கிழக்கில் ஐந்து மீட்டருக்குக் கீழே போய்விட்டது. குளம் என்பது இதுதான்.

இப்போது மேஸ்திரி சொன்னதற்கு வருகிறேன். “கொட்டி ஆறு வருஷம் ஆச்சு சார், ஆறு மழை பார்த்தாச்சு, இறங்க வேண்டியது எல்லாம் இறங்கியிருக்கும்” என்றார். அவர் அனுபவத்தில் சொன்னது, அதில் பெரும்பகுதி சரியும்கூட. ஆனால் மீதி இருக்கிற பகுதிதான் கட்டடத்தை உடைக்கும்.

சேறு நீரால் நிறைந்தது. மேலே எடை ஏறும்போது, அதை முதலில் தாங்குவது மண் துகள்கள் அல்ல, இடையே சிக்கியுள்ள நீர். அந்த நீர் கசிந்து வெளியேறினால்தான் துகள்கள் நெருங்கும், தரை இறங்கும். தயிரைத் துணியில் கட்டி மேலே கல் வைத்தால், கல் வைத்த நொடியில் எதுவும் ஆவதில்லை. நீர் சொட்டச் சொட்டத்தான் மூட்டை சிறுக்கும். களியிலும் இதேதான் நடக்கிறது. எத்தனை காலம் பிடிக்கும் என்பதைக் கணக்குப் போடும் முறையை 1925இல் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் வகுத்துத் தந்தார். நூறு ஆண்டு ஆகியும் நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

உங்கள் சேற்றிலிருந்து குலையாமல் எடுத்த ஒரு மாதிரியை, 2 செ.மீ. கனமுள்ள வில்லையாக வெட்டி ஆய்வகத்தில் எடை வைத்துப் பார்த்தோம். அது இறங்க வேண்டியதில் 90 விழுக்காடு இறங்க 45 நிமிடம் ஆனது. வில்லையின் மேலும் கீழும் நீர் வெளியேற வழி உண்டு. ஆகவே உள்ளிருக்கும் நீர் அதிகபட்சம் 1 செ.மீ. தூரம் போனால் போதும். உங்கள் குளத்திலோ சேற்றுக்கு அடியில் விறைத்த களிமண் இருக்கிறது, அது நீரை வாங்காது. அடியில் உள்ள நீர் மேலே மட்டுமே வர வேண்டும், தூரம் 300 செ.மீ. இதில் ஒரு கடுமையான விதி உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். 300 மடங்கானால் 90,000 மடங்கு. 45 நிமிடத்தை 90,000ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஏழே முக்கால் ஆண்டு வருகிறது.

அதாவது நீங்கள் கொட்டிய மண்ணின் எடையில் மட்டும் சேறு இறங்கி முடிக்கக் கிட்டத்தட்ட எட்டு ஆண்டு, அதிலும் 90 விழுக்காடுதான். எவ்வளவு இறங்கும்? இரண்டு மீட்டர் மண் சதுர மீட்டருக்கு 3.6 டன். தூர்ப்பதற்கு முன் சேற்றின் நடுப்பகுதி தாங்கிய சுமை ஒரு டன்னுக்கும் குறைவு, அதுவும் தன் மேலிருந்த சேற்றின் எடை. ஒரே கோடையில் அது ஏறக்குறைய ஐந்து மடங்கானது. கணக்குப்படி மொத்தம் 33 செ.மீ. இறங்க வேண்டும். ஆறு ஆண்டில் சுமார் 28 செ.மீ. இறங்கியிருக்கும். நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பக்கம் பள்ளம் விழுகிறது என்று இரண்டு லோடு மண் அடித்தது அதனால்தான். இன்னும் 5 செ.மீ. பாக்கி இருக்கிறது.

இதன் மேல் கட்டடம் வருகிறது. இரண்டு தளக் கட்டடம், சராசரியாகப் பார்த்தால் சதுர மீட்டருக்கு இரண்டு டன் கூட்டும். அதனால் கிழக்கு முனையில் மேலும் 7 அல்லது 8 செ.மீ. இறங்கும். இந்த இறக்கத்துக்கு அந்த ஆறு ஆண்டு உதவாது. கட்டடத்தின் எடை ஏறும் நாளிலிருந்துதான் அதன் கணக்கு தொடங்கும், அதற்கும் அதே ஏழெட்டு ஆண்டு. திறப்பு விழாவன்று ஒரு மயிரிழை விரிசல்கூட இருக்காது. அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்கிற பிள்ளை ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக்கு வரும்போது சுவர் பிளந்திருக்கும். ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் அதற்கு வெகுமுன்பே முடிந்துபோயிருக்கும்.

இரண்டையும் கூட்டினால் கிழக்கே 12 செ.மீ. அளவுக்கு இறங்கும். மேற்கே கெட்டித் தரையில் இறக்கம் 1 செ.மீ.தான். கட்டடம் முழுவதும் ஒரே சீராக 12 செ.மீ. இறங்கினால் வாசற்படி ஒன்று குறையும், தண்ணீர்க் குழாய் இணைப்பைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அதோடு போய்விடும். இங்கே 11 செ.மீ. வித்தியாசம் சரிவுக் கரையின் 9 மீட்டருக்குள் நடக்கிறது. 82க்கு 1 என்ற சாய்வு. 300க்கு 1 என்ற சாய்விலேயே செங்கல் சுவரில் விரிசல் தொடங்கும் என்பது நெடுங்கால அனுபவம். 150க்கு 1 ஆனால் காலம், பீம் எல்லாம் பாதிக்கப்படும். உங்கள் கட்டடம் அந்த ஆபத்தான எல்லையை ஏறக்குறைய இரண்டு மடங்கு தாண்டி நிற்கிறது.

மெக்சிகோ நகரத்துப் பேராலயம் இதற்குப் பெரிய சாட்சி. அந்த நகரமே வற்றிய ஏரிப் படுகையில் எழுந்தது. பேராலயத்தின் ஒரு பகுதிக்கு அடியில் அஸ்டெக் மக்களின் பழைய கோயில் கட்டுமானங்கள் இருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் அவற்றின் எடையில் அங்கே மண் ஏற்கெனவே இறுகியிருந்தது, மற்ற இடத்தில் இறுகவில்லை. ஏரி மண்ணில் மொத்த நகரமும் பல மீட்டர் இறங்கியிருக்கிறது, ஆனால் அந்தப் பேராலயத்தை உடைக்கப் பார்த்தது ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் விழுந்த இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வித்தியாசம். 1990களில், உயரமாக நின்ற பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து, அந்தப் பக்கத்தையும் இறக்கித்தான் சமன்படுத்தினார்கள். நம் பள்ளிக்கு அப்படிப்பட்ட வைத்தியம் செய்ய யாரும் வரப்போவதில்லை.

குழு உறுப்பினர் ஒருவர், பிளிந்த் பீமில் கம்பியை இரட்டித்துப் போட்டால் தாங்காதா என்று கேட்டார். தாங்காது. கம்பி அதிகமானால் பீம் வலுவாகும், அடியில் உள்ள சேறு வலுவாகாது. மேற்கே கெட்டித் தரை முட்டுக் கொடுக்க, கிழக்கே தரை நழுவ, பீம் அந்தரத்தில் நிற்கும். முழுக் கட்டடத்துக்கும் அடியில் ஒரே பலகையாக ராஃப்ட் போட்டாலும் சுவர் பிளப்பது குறையலாம், ஆனால் கட்டடம் அப்படியே கிழக்கே சாயும்.

சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டு மணல் நிரப்பலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஐந்து மீட்டர் ஆழத்துக்கு, ஓடிக்கொண்டிருக்கும் பள்ளியின் அருகே, நீரை இறைத்துக்கொண்டே தோண்ட வேண்டும். பழைய கட்டடத்தின் அடிமண்ணும் நீர் வற்றி இறங்கத் தொடங்கும். அந்த வேலைக்கு நான் கையெழுத்திட மாட்டேன்.

பைல் போடலாம். அது உண்மையான வழி. 40 செ.மீ. விட்டமுள்ள பைல்களைச் சேற்றைக் கடந்து ஒன்பது, பத்து மீட்டர் வரை இறக்கி, கெட்டிக் களியில் ஊன்றினால் கட்டடம் நிற்கும். ஆனால் அதில் உள்ள நுணுக்கங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். சேறு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது அல்லவா, அது இறங்கும்போது பைலின் பக்கங்களைப் பற்றிக்கொண்டு அதையும் கீழே இழுக்கும். ஒரு பைலுக்கு ஐந்து டன்னுக்கு மேல் இப்படித் தண்டச் சுமை ஏறும். பைலின் தாங்குதிறனில் அதைக் கழித்துத்தான் வடிவமைக்க வேண்டும். கழிக்காத வரைபடம் யாராவது கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள். அடுத்தது, துளை போட்டுக் கான்கிரீட் ஊற்றும்போது சேறு பக்கத்திலிருந்து உள்ளே பிதுங்கி, பைலின் இடுப்பைச் சிறுக்க வைத்துவிடும். ஐந்து மீட்டர் வரை இரும்பு உறை இறக்கி, அடியிலிருந்து குழாய் வழியே கான்கிரீட் ஊற்றினால்தான் இது நேராது. ஊற்றிய கான்கிரீட்டின் அளவைத் துளையின் கொள்ளளவோடு ஒப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். குறைவாகப் போயிருந்தால் உள்ளே எங்கோ சிறுத்திருக்கிறது.

இன்னொன்றை எல்லோரும் மறப்பார்கள். சுவரும் காலமும் பைலில் நிற்கும், வகுப்பறையின் தரை மட்டும் தூர்த்த மண்ணில் கிடக்கும். இரண்டு மூன்று ஆண்டில் தரைக்கு அடியில் மண் விலகி, டைல்ஸைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும், பிறகு தரை உடையும். ஆகவே கீழ்த்தளத் தரையையும் மாடித் தளம் போலப் பீம்களில் தொங்கவிட வேண்டும். கழிவறைக் குழாய் கட்டடத்தை விட்டு வெளியேறும் இடத்தில் வளையக்கூடிய இணைப்பு வேண்டும். இத்தனையும் சேர்ந்தால் அஸ்திவாரத்துக்கே பெருந்தொகை போய்விடும். நன்கொடையில் கட்டும் பள்ளிக்கு, வேறு வழி இருக்கும்போது, இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதிக் கட்டடத்துக்குப் பைல், பாதிக்குச் சாதாரண ஃபுட்டிங் என்று யாராவது சிக்கன யோசனை சொன்னால் அதை உடனே மறுத்துவிடுங்கள். ஒரே கட்டடத்தின் இரண்டு பாதியும் இரண்டு விதமாக இறங்குவதைத்தான் நாம் தவிர்க்கப் பார்க்கிறோம்.

அந்த வேறு வழி இதோ. கெட்டித் தரை மனைக்குள் 8 மீட்டர், அதை ஒட்டிய சைக்கிள் கொட்டகை இருக்கும் இடம் 6 மீட்டர், ஆக 14 மீட்டர் அகலம் உங்களிடம் இருக்கிறது. கட்டடத்தின் அகலம் 8 மீட்டர். அதைத் தெற்கு வடக்காகத் திருப்பி, குளக்கரைக் கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி வையுங்கள். மேற்கிலும் 3 மீட்டர் மிஞ்சும். அங்கே சதுர மீட்டருக்கு 12 டன் தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறேன். ஒரு காலத்துக்கு 35 டன் வந்தாலும், ஒன்றே முக்கால் மீட்டர் சதுரத்தில் ஃபுட்டிங் போட்டால் போதும், ஆழம் ஒன்றரை மீட்டர். உங்கள் மேஸ்திரிக்கு நன்கு பழகிய வேலை. சைக்கிள் கொட்டகையைக் குளத்தின் மேல் மாற்றிக்கொள்ளலாம். தகரக் கொட்டகை ஐந்து செ.மீ. இறங்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

தூர்த்த இடம் விளையாட்டுத் திடலாகவே இருக்கட்டும். இறங்கும் இடத்தில் மண் அடித்துக்கொள்ளலாம். அங்கே கழிவுநீர்த் தொட்டி மட்டும் வேண்டாம், இறங்கும் மண்ணில் தொட்டி பிளந்து நிலத்தடி நீரில் கலக்கும். சுற்றுச்சுவரும் கரைக் கோட்டைக் கடக்கிறது. கடக்கும் இடத்தில் ஒரு இடைவெளி விட்டு இரண்டு தனிச் சுவர்களாகக் கட்டுங்கள். ஒரே சுவராகக் கட்டினால் அந்த இடத்தில்தான் படிக்கட்டு போல் செங்கல் இணைப்பு வழியே விரிசல் ஓடும். பிள்ளைகள் சாய்ந்து நிற்கும் சுவர் அது.

நிலம் பட்டா நிலம் என்று சொன்னீர்கள். இருந்தாலும் அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் ஒருமுறை பாருங்கள். குளம் புறம்போக்கு என்று ஒரு மூலையில் இருந்தாலும் கட்டடப் பேச்சே எழாது. ஊர்க் குளத்தை வீட்டுமனையாகப் பிரித்துக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் செல்லாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. புல வரைபடத்தைப் பார்ப்பதில் எனக்கும் ஒரு பயன் உண்டு. பழைய கரைக் கோடு அதில் துல்லியமாக இருக்கும். மூன்று துளையை வைத்து நான் ஊகித்த கோட்டை அதோடு ஒப்பிட்டுக்கொள்வேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. நாம் போர் போட்டது மே மாதம், ஆற்றில் நீர் இல்லாத காலம். நிலத்தடி நீர் இரண்டு மீட்டருக்குக் கீழே இருந்தது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் நீர் ஓடி, மழையும் பெய்தபின் அது தரைக்கு அருகே ஏறும். காய்ந்தபோது விறைப்பாக இருக்கும் மண் ஊறினால் அதே பலத்தைக் காட்டாது. ஆகவே கட்டடம் நகரப்போகும் இடத்தில் நான்காவது துளையை நவம்பர் வாக்கில் போட வேண்டும். இன்னொன்று, உங்கள் ஊரில் அந்தக் குளத்தில் குளித்த பெரியவர்கள் இருவரையாவது அழைத்து வாருங்கள். படித்துறை எங்கே இருந்தது, கோடையில் நீர் எதுவரை சுருங்கும், கரையில் எந்த மரம் நின்றது என்று கேட்போம். அவர்கள் காட்டும் கோட்டில் சுண்ணாம்பு போட்டு, அதன் மேல் வடக்கே ஓரிடம், தெற்கே ஓரிடம் மூன்று மீட்டர் குழி தோண்டிப் பார்ப்போம். ஜேசிபிக்கு அரைநாள் வேலை. குழியின் சுவரில் பழுப்பு மண்ணும் கருஞ்சேறும் சந்திக்கும் இடம் கண்ணாலேயே தெரியும். கட்டட வரைபடத்தை அதற்குப் பிறகு இறுதி செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மண் பொறியாளர்